ஆறிப்போகும் தேநீரும் அதை நிறுத்தும் எல்லையும்

தண்டையார்பேட்டையில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்குக் கணிதமும் இயற்பியலும் சொல்லிக்கொடுக்கிறேன். வகைக்கெழுச் சமன்பாடுகள் பாடத்தில் நியூட்டனின் குளிர்வு விதி வரும் வாரத்தில், முனைக் கடையிலிருந்து பிளாஸ்க்கில் தேநீர் வாங்கிவரச் சொல்லி, எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, துளையிட்ட மூடியின் வழியே வெப்பமானியைச் செருகிவிடுவேன். மின்விசிறி சுழன்றுகொண்டிருக்கும், மாணவர்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவு குறிப்பார்கள்.

கணக்கு எளிதாக இருப்பதற்காக எண்களைச் சற்று முழுமையாக்கித் தருகிறேன். அறையின் வெப்பநிலை 30 டிகிரி, தேநீர் தொடக்கத்தில் 80 டிகிரி. ஐந்து நிமிடத்தில் 70, பத்தாவது நிமிடத்தில் 62. ஒரு மணி நேரம் கழித்து எவ்வளவு இருக்கும் என்று கேட்டால், நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் ஒரே இடத்தில் வழுக்குகிறார்கள். 80 என்பது 70 ஆனதால் ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் எட்டில் ஏழு பங்கு மிஞ்சுகிறது என்று எடுத்துக்கொண்டு, அதைப் பன்னிரண்டு முறை பெருக்கிவிடுகிறார்கள். "சார், பதினாறு டிகிரி வருது சார்" என்று ஒரு மாணவன் நோட்டை நீட்டினான். குளிர்சாதனம் இல்லாத அறையில், மேசைமேல் வைத்த தேநீர் தானாகவே சில்லென்று ஆகிவிடும் என்பதை அவன் கை எழுதியிருந்தது, மனம் கவனிக்கவில்லை.

தேய்வது வெப்பமானி காட்டும் எண் அன்று. அந்த எண்ணுக்கும் அறை வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாடு. 80 டிகிரியில் வேறுபாடு 50. 70 டிகிரியில் 40. 62 டிகிரியில் 32. ஒவ்வொரு முறையும் ஐந்தில் நான்கு பங்கு மிஞ்சுகிறது. ஐந்து நிமிடத் தவணைகளை n என்று எண்ணினால் விதி இதுதான்:

T = 30 + 50 × (0.8)^n

ஒரு மணி நேரத்துக்கு n = 12. வேறுபாடு ஏறத்தாழ 3.4 ஆகச் சுருங்கி, தேநீர் 33.4 டிகிரியில் இருக்கும். n வளர வளர 0.8-இன் அடுக்கு சுழியத்தை நெருங்குவதால், மொத்த மதிப்பு 30-ஐ நெருங்குகிறதே தவிர அதைத் தாண்டிக் கீழே போவதில்லை. ஆகவே எல்லை 30 என்பது கணக்கு முடிந்தபின் கிடைக்கும் விடை மட்டுமன்று, கணக்கைத் தொடங்கும்போதே கழிக்க வேண்டிய எண்ணும் அதுவே.

அறை வெப்பநிலையைக் குறிக்க மறந்துவிட்டால் என்ன செய்வது? சம இடைவெளியில் எடுத்த மூன்று அளவுகள் போதும். முதல் அளவையும் மூன்றாவதையும் பெருக்கி, நடு அளவின் வர்க்கத்தைக் கழியுங்கள்: 80 × 62 − 70 × 70 = 60. முதலையும் மூன்றையும் கூட்டி, நடு அளவின் இரு மடங்கைக் கழியுங்கள்: 142 − 140 = 2. வகுத்தால் 30. தேநீரே தான் எங்கே போய் நிற்கும் என்று சொல்லிவிடுகிறது. மாணவர்கள் இதை முதன்முறை பார்க்கும்போது வகுப்பில் எழும் சத்தம் எனக்குப் பிடிக்கும்.

ஆனால் இதை அப்படியே நம்பிவிடக் கூடாது. மூன்றாவது அளவை 62-க்குப் பதில் 62.5 என்று படித்திருந்தால், மேலே 100, கீழே 2.5, விடை 40 டிகிரி. அரை டிகிரிப் பிழை எல்லையைப் பத்து டிகிரி தள்ளிவிடுகிறது, ஏனெனில் கீழே இருக்கும் எண் மிகச் சிறியது. பதினைந்து நிமிட இடைவெளியில் எடுத்தால் அளவுகள் 80, 55.6, 43.1 என வரும். அங்கே அதே அரை டிகிரிப் பிழை விடையை ஏறக்குறைய இரண்டு டிகிரி மட்டுமே நகர்த்துகிறது. வளைவு தெரியும் அளவுக்குக் காத்திருந்து அளப்பதே இதற்கு வழி.

மூடி போடாத டம்ளரில் ஆவியாதலும் சேர்ந்துகொள்வதால், முதல் சில நிமிடங்களில் தேநீர் இந்த விதி சொல்வதைவிட வேகமாக ஆறும். அடுத்தடுத்த வேறுபாடுகளின் விகிதத்தைப் போட்டுப் பார்த்தால், தொடக்கத்தில் சிறியதாக இருந்து பிறகு கூடிக்கொண்டே போகும். அறை வெப்பநிலையை உண்மையைவிடக் குறைத்து எழுதியிருந்தாலும் விகிதம் இப்படியே ஏறும். 30-க்குப் பதில் 28 என்று கழித்துப் பாருங்கள், 0.808-இல் தொடங்கி முப்பதாவது நிமிடத்தில் 0.82 வரை போகும்.

கணக்கின்படி வேறுபாடு ஒருபோதும் முழுச் சுழியமாவதில்லை. பத்தில் ஒரு டிகிரி வரை காட்டும் வெப்பமானிக்கோ, சுமார் இரண்டு மணி இருபது நிமிடத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். அதுவும் எல்லை அசையாமல் இருந்தால்தான். பிற்பகலில் காசிமேட்டுப் பக்கமிருந்து கடற்காற்று உள்ளே வரத் தொடங்கியதும் எங்கள் அறையே ஒரு டிகிரி இறங்கிவிடும், தேநீரும் சற்றுப் பின்தங்கி அதன் பின்னே இறங்கும். அதனால் இப்போதெல்லாம் அறை வெப்பநிலையைத் தொடக்கத்தில் ஒருமுறை, கடைசி அளவு எடுத்தபின் ஒருமுறை என இரண்டு தடவை குறிக்கச் சொல்கிறேன்.