கட்டையை எண்ணிப் பெயர் வைக்காதீர்கள்

பெரம்பூரில் நான் எடுக்கும் கீபோர்ட் வகுப்புக்கு வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கமிருந்து சர்ச்சில் வாசிக்கும் பிள்ளைகள் நிறையப் பேர் வருகிறார்கள். காது நன்றாக இருக்கும், கையும் ஓடும். தியரி பேப்பரில் இன்டர்வெல், அதாவது இரண்டு சுரங்களுக்கு இடையிலுள்ள தூரம், வந்தால் மட்டும் மார்க் போய்விடும். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். நடுவில் எத்தனை கட்டை என்று எண்ணி, அதை வைத்தே பெயர் சொல்லிவிடுகிறார்கள்.

முதலில் எண்ண வேண்டியது எழுத்தை. சி-யிலிருந்து இ என்றால் சி, டி, இ, ஆக மூன்று. அதனால் அது தேர்ட். தொடங்கும் எழுத்தும் கணக்கில் சேரும். ஷார்ப், ஃபிளாட் எது வந்தாலும் இந்த எண் மாறாது.

சி மைனர் கார்டை 'சி, டி ஷார்ப், ஜி' என்று எழுதுபவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். வாசித்தால் சரியாகத்தான் கேட்கும். ஆனால் சி, டி என்பது இரண்டே எழுத்து. டி ஷார்ப் போட்டால் அது ஆக்மென்டட் செகண்ட். அதே கறுப்புக் கட்டையை இ ஃபிளாட் என்று எழுதினால்தான் மைனர் தேர்ட். ஒரு கட்டையிலிருந்து அதை ஒட்டிய அடுத்த கட்டை, கறுப்போ வெள்ளையோ, ஒரு செமிடோன்; அந்தக் கணக்கில் இரண்டுமே 3 செமிடோன்தான். கர்நாடக சங்கீதம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. சி-யை ஷட்ஜமாக வைத்தால், அந்த ஒரே கட்டை நாட்டையில் ஷட்ஸ்ருதி ரிஷபம், கரகரப்ரியாவில் சாதாரண காந்தாரம். வரிசையில் எந்த இடத்தில் நிற்கிறதோ, அதுதான் பெயரைத் தீர்மானிக்கிறது.

எண் கிடைத்த பிறகுதான் மேஜரா மைனரா என்ற கேள்வி. கீழ்ச் சுரத்தின் மேஜர் ஸ்கேலை நினைத்துக்கொள்ளுங்கள். மேல் சுரம் அதில் இருந்தால் செகண்ட், தேர்ட், சிக்ஸ்த், செவன்த் எல்லாம் மேஜர். ஃபோர்த், ஃபிஃப்த், ஆக்டேவ் பெர்ஃபெக்ட். மேஜரில் ஒரு செமிடோன் குறைந்தால் மைனர். பெர்ஃபெக்டில் குறைந்தால் மைனர் ஆகாது, டிமினிஷ்ட் ஆகும். இரண்டில் எது ஒரு செமிடோன் கூடினாலும் ஆக்மென்டட்.

இ-யிலிருந்து மேலே உள்ள சி-யைப் பாருங்கள். இ, எஃப், ஜி, ஏ, பி, சி: ஆறு எழுத்து, சிக்ஸ்த். இ மேஜர் ஸ்கேலில் இருப்பது சி ஷார்ப். நம்மிடம் இருப்பது வெறும் சி, ஒரு செமிடோன் குறைவு. ஆகவே மைனர் சிக்ஸ்த். சந்தேகமிருந்தால் கீழே உள்ள இ-யை ஒரு ஆக்டேவ் மேலே ஏற்றிப் பாருங்கள். சி–இ மேஜர் தேர்ட் வரும். இப்படித் திருப்பினால் மேஜர் மைனராகும், மைனர் மேஜராகும், இரண்டு எண்ணையும் கூட்டினால் 9 வரும். பெர்ஃபெக்ட் மட்டும் பெர்ஃபெக்டாகவே இருக்கும்.

ஃபோர்த்தில் ஒரு இடம் மட்டும் கவனம். வெள்ளைக் கட்டைகளிலேயே எடுத்தால் சி–எஃப், டி–ஜி என்று எல்லா ஃபோர்த்தும் பெர்ஃபெக்ட், 5 செமிடோன். எஃப்–பி மட்டும் 6. எஃப் மேஜரில் இருப்பது பி ஃபிளாட் என்பதால், வெறும் பி வரும்போது அது ஆக்மென்டட் ஃபோர்த்.