பத்து மணிக்குச் சர்வரைக் கூட்டாதீர்கள்

பெங்களூரில் இன்னொரு இசை நிகழ்ச்சி, இன்னொரு டிக்கெட் விற்பனை, அதே போன். மணி 10:03. "சார், சைட் படுத்துடுச்சு. சர்வரை டபுள் பண்ணச் சொல்லிட்டோம், நீங்களும் கொஞ்சம் பாருங்க." இந்த "டபுள் பண்ணச் சொல்லிட்டோம்" என்ற வரியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அன்று லாகைத் திறந்தபோது திரை முழுக்க ஒரே வரி:

```
FATAL: sorry, too many clients already
```

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் சொல்வது இது. யாராவது மாற்றாத வரை, அது ஒரே நேரத்தில் 100 இணைப்புகளைத்தான் ஏற்கும். இவர்களும் மாற்றவில்லை. நான்கு சர்வர்கள், ஒவ்வொன்றும் 20 இணைப்பு, மொத்தம் 80. அதுவரை மெதுவாகவாவது ஓடிக்கொண்டிருந்தது. கூட்டத்தைப் பார்த்து ஆட்டோஸ்கேலிங் இன்னும் நான்கு சர்வர்களைக் கிளப்பியது. இப்போது 160 இணைப்பு கேட்கிறார்கள். கதை முடிந்தது. சைட்டைக் கவிழ்த்தது கூட்டம் மட்டும் இல்லை, புதிதாக வந்த சர்வர்களும்தான்.

"அப்போ அந்த 100-ஐ 500 ஆக்கிடலாமே?" ஆக்கலாம். ஆனால் எல்லோருக்கும் வேண்டியது முதல் மூன்று வரிசை. ஒரே சீட்டை 300 பேர் கேட்டால் அந்த ஒரு பதிவுக்குப் பூட்டு ஒன்றுதான். ஒருவர் முடிக்கும்வரை மீதிப் பேர் இணைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். சில்க் போர்டு சிக்னலுக்கு முன்னால் சாலையை மட்டும் எட்டு வழியாக்கினால் வண்டிகள் சீக்கிரம் வந்து அதே சிக்னலில் நிற்கும், அவ்வளவுதான். போதாததற்கு, புது சர்வர் எழுந்து நிற்கவே ஓரிரு நிமிடம் ஆகும். தத்கல் எடுத்துப் பழகிய நம் மக்களோ 9:59-லிருந்தே ரீஃப்ரெஷ் அடிப்பார்கள்.

கூட்டத்தை வாசலிலேயே நிறுத்துவதுதான் வழி. அதற்குத்தான் காத்திருப்பு அறை. எத்தனை பேரை உள்ளே விடுவது என்பதைக் கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள், உத்தேசமாக வேண்டாம். அந்த நிகழ்ச்சியையே எடுத்துக்கொள்வோம். பேமென்ட் கேட்வே நொடிக்கு 10 பரிவர்த்தனைக்கு ஒப்புக்கொண்டிருந்தது. அப்படியென்றால் நொடிக்கு 10 பேருக்கு மேல் உள்ளே விடுவதில் அர்த்தமில்லை. ஒருவர் சீட் தேர்ந்தெடுத்துப் பணம் கட்ட சராசரியாக 4 நிமிடம், அதாவது 240 நொடி. பத்தை 240-ஆல் பெருக்கினால், எந்த நேரத்திலும் உள்ளே 2,400 பேர் இருப்பார்கள். லோடு டெஸ்டில் உங்கள் சைட் தாங்க வேண்டியது இந்த 2,400-ஐத்தான், வெளியே நிற்கும் 40,000-ஐ அல்ல.

அந்த 40,000 பேர் பார்க்கும் பக்கம் வெறும் நிலையான பக்கமாக, சிடிஎன்னிலிருந்து வர வேண்டும். அது உங்கள் டேட்டாபேஸைத் தொடவே கூடாது. "என் முறை வந்ததா" என்று 5 நொடிக்கு ஒருமுறை எல்லோருடைய பிரவுசரும் கேட்டால் நொடிக்கு 8,000 கோரிக்கை. 30 நொடிக்கு ஒருமுறை, அதுவும் ஆளாளுக்குக் கொஞ்சம் முன்பின்னாகக் கேட்கவைத்தால் சுமார் 1,300-தான்.

பத்து மணிக்கு முன்பே வந்தவர்களைச் சரியாகப் பத்துக்குக் குலுக்கி வரிசை எண் கொடுங்கள். அதற்குப் பிறகு வருபவர்கள் வந்த வரிசைப்படி நிற்கட்டும். இதை முந்தைய நாளே எஸ்எம்எஸ்ஸில் சொல்லிவிடுங்கள், தயவுசெய்து. ஒன்பதே முக்காலுக்கு வந்தாலும் 9:59-க்கு வந்தாலும் ஒரே வாய்ப்புதான் என்று தெரிந்தால், வெறித்தனமாக ரீஃப்ரெஷ் அடிப்பது பாதி குறையும்.

அப்புறம், ஒருவர் தேர்ந்தெடுத்த சீட்டை அவர் பணம் கட்டும்வரை பிடித்துவைக்கும் நேரம். யுபிஐ பணம் சில நேரம் "பென்டிங்" என்று தொங்கும். அதற்குள் பிடிப்பு காலாவதியாகி, சீட் வேறொருவருக்குப் போய், பிறகு பணமும் வந்து சேர்ந்தால் உங்கள் கஸ்டமர் கேர் ஒரு வாரம் தூங்காது. பேமென்ட் முடிவு தெரியும்வரை அந்தச் சீட்டை விடாதீர்கள். எல்லாச் சீட்டும் பிடிப்பில் இருந்தால் ஆளை உள்ளே விடுவதை நிறுத்திவிட்டு, "இப்போதைக்குக் காலி இல்லை, சில சீட்டுகள் திரும்பலாம்" என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். உள்ளே கூப்பிட்டு வெறும் வரைபடத்தைக் காட்டுவது அநியாயம்.

கடைசியாக, நான் பார்த்ததில் பாதிப் பேர் கோட்டைவிடும் இடம். வரிசையில் நின்றவருக்குக் கொடுக்கும் டோக்கனை உங்கள் சர்வரே கையெழுத்து பார்த்துச் சரிபார்க்க வேண்டும். இல்லையென்றால் சீட் பக்கத்தின் முகவரி ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் வந்ததும் வரிசை காலி. முந்தைய நாள் இரவு, டோக்கன் இல்லாமல் இதை ஓட்டிப் பாருங்கள், முகவரியை மட்டும் உங்களுடையதாக மாற்றி:

```
curl -I https://tickets.example.in/seats
```

காத்திருப்பு அறைக்குத் திருப்பும் 302 அல்லது 403 வந்தால் சரி. 200 வந்தால் நாளைய விற்பனையைத் தள்ளி வையுங்கள்.