சாய்த்தால் ஒளியை வெளியே விடும் கண்ணாடி

மெல்லிய பூச்சு வேலையில் எனக்கு அடிக்கடி வரும் புகார் ஒன்று உண்டு: "சிவப்பு லேசர் இந்தக் கண்ணாடியைத் தாண்டாது என்றீர்கள், பின்னால் வெளிச்சம் தெரிகிறதே!" போய்ப் பார்த்தால் பூச்சு நன்றாகவே இருக்கும். கண்ணாடியை 45 டிகிரி சாய்த்து வைத்திருப்பார்கள்.

அது ஒரே திசையில் அடுக்கிய ஃபோட்டானிக் கிரிஸ்டல். சிலிக்கா (ஒளிவிலகல் எண் 1.45), டைட்டானியா (சுமார் 2.3) என மாறி மாறி அடுக்குகிறோம். 600 நானோமீட்டர் ஒளிக்கு, ஒவ்வொரு அடுக்கும் அந்தந்தப் பொருளுக்குள் கால் அலைநீளம்: சிலிக்கா 103, டைட்டானியா 65 நானோமீட்டர். இந்த ஒழுங்கில் ஒளி முன்னும் பின்னும் சிதறி இரண்டு நிலையலைகளாக நிற்கிறது. ஒன்றின் ஆற்றல் பெரும்பாலும் டைட்டானியாவில் குவிகிறது, அதன் அதிர்வெண் குறைவு. மற்றது சிலிக்காவில் குவிகிறது, அதிர்வெண் அதிகம். நடுவில் எந்த அலைக்கும் இடமில்லை, ஒளிக்கு இடமில்லாத அந்த அதிர்வெண் இடைவெளிதான் பேண்ட் கேப். படிகத்தில் அணு வரிசை எலக்ட்ரானுக்கு என்ன செய்கிறதோ, அதையே இங்கே ஒளிவிலகல் எண்ணின் ஏற்ற இறக்கம் ஒளிக்குச் செய்கிறது. ஆனால் எலக்ட்ரான்கள் பட்டைகளைக் கீழிருந்து நிரப்பும். ஃபோட்டான்களுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

கணக்குப் போட்டால், நேராக விழும் ஒளிக்கு இந்த இடைவெளி சுமார் 524 முதல் 702 நானோமீட்டர் வரை. 650 நானோமீட்டர் லேசர் அதற்குள் பத்திரமாக இருக்கிறது. 45 டிகிரி சாய்த்தால் நடு அலைநீளம் 547 அளவுக்கு இறங்கிவிடும். அடுக்குக்குள் சாய்ந்து போகும்போது ஒரு சிலிக்கா-டைட்டானியா ஜோடியைக் கடப்பதில் அலைக்கு ஏற்படும் கட்ட மாற்றம் குறைகிறது, அதுதான் காரணம். அப்புறம் முனைவாக்கம், அதாவது ஒளி எந்தத் திசையில் அதிர்கிறது என்பது, வேறு குறுக்கே வரும். விழும் கதிரும் எதிரொளிக்கும் கதிரும் அமையும் தளமான படுதளத்துக்குச் செங்குத்தாக அதிரும் ஒளிக்கு இடைவெளியின் மேல் எல்லை ஏறத்தாழ 660, ஆகவே லேசர் விளிம்பை ஒட்டி இன்னும் உள்ளேதான். தளத்துக்குள்ளேயே அதிரும் ஒளிக்கு எல்லை 620 சொச்சம்தான். அந்தப் பாதி வெளியே போய்விடுகிறது. புகாரில் சொல்லும் வெளிச்சம் இதுதான்.

"பேண்ட் கேப் இருக்கிறது" என்ற சொல்லை நான் உடனே ஏற்காததற்கு இதுவே காரணம். எந்தத் திசைக்கு, எந்த முனைவாக்கத்துக்கு என்று கேட்பேன். இயற்பியலாளர்கள் யாப்லோனோவிட்சும் ஜானும் 1987-இல் முப்பரிமாண இடைவெளி, அதாவது எல்லாத் திசைக்குமான இடைவெளி, பற்றி எழுதிய பிறகு, கோளங்களை முக மைய அடுக்கில் வைத்த அமைப்பில் அது கிடைத்ததாக முதலில் நம்பப்பட்டது. ஆனால் குறிப்பிட்ட ஒரு திசையில் இரண்டு பட்டைகள் ஒட்டிக்கொண்டிருப்பதை, அதாவது அங்கே இடைவெளி இல்லாததை, கணக்குகள் காட்டின. 1990-இல் ஹோ, சான், சௌகௌலிஸ் ஆகியோர் வைர அமைப்பில் முழு இடைவெளி உண்டு என்று கணக்கிட்டுக் காட்டினார்கள்.

உங்கள் கண்ணாடியைச் சோதிக்க ஒரு போலரைசர் போதும். முதலில் கண்ணாடி இல்லாமல் லேசர் முன் திருப்பி, புள்ளியின் வெளிச்சம் மாறவில்லை என்று உறுதிசெய்யுங்கள்; மாறினால் லேசரே முனைவாக்கம் கொண்டது, இந்தச் சோதனை பொருந்தாது. பிறகு லேசருக்கும் கண்ணாடிக்கும் நடுவே வைத்து மெல்லத் திருப்புங்கள். பின்னால் விழும் புள்ளி ஒரு நிலையில் ஏறக்குறைய மறைந்து, அங்கிருந்து 90 டிகிரி தள்ளி மீண்டும் பளிச்சென்று வந்தால், பூச்சைக் குறை சொல்ல வேண்டாம், அந்தக் கோணத்துக்கென்றே வடிவமைத்த பூச்சைக் கேளுங்கள். எந்த நிலையிலும் மறையாமல் ஒளி கசிந்தால், முதலில் நேராக வைத்து அளந்து பாருங்கள்.