"உங்க இஷ்டம்" என்பது சம்மதம் இல்லை

வேலைக்காக வெளிநாடு போகலாமா என்று கேட்டு என்னிடம் வரும் தம்பதிகளில் பாதிப் பேர், முடிவு எடுத்த பிறகுதான் வருகிறார்கள். ஒருவர் கையெழுத்துப் போட்டிருப்பார், மற்றவர் பேச்சைக் குறைத்திருப்பார். "அவகிட்ட கேட்டேன் மேடம், உங்க இஷ்டம்னு சொல்லிட்டா" என்பார் கணவர். மனைவி சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்.

பினாங்கில் பல வருடங்களாகக் குடும்ப ஆலோசகராக இருக்கிறேன். அந்த இரண்டு சொற்கள் சம்மதமா, விட்டுக்கொடுத்ததா என்று கண்டுபிடிக்க நான் ஒன்றைத்தான் பார்ப்பேன். உண்மையில் சம்மதித்தவர் அதற்கப்புறம் கேள்வி கேட்பார். வாடகை எவ்வளவு, பள்ளிக்கூடம் எது, தீபாவளிக்கு வர முடியுமா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். விட்டுக்கொடுத்தவர் எதையும் கேட்கமாட்டார். வீட்டில் அந்தக் கேள்விகள் நின்றுபோயிருந்தால், முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்துக்கு முன்பே வந்த ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதுகிறேன். அவர்கள் சம்மதித்ததால் எழுதுகிறேன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணவருக்கு 43 வயது, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளர், சம்பளம் 8,200 ரிங்கிட். மனைவிக்கு 41, பட்டர்வொர்த் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை, சம்பளம் 5,400. பதினொன்றும் எட்டும் வயதான இரண்டு பிள்ளைகள். கணவரின் அம்மாவும் கூடவே இருக்கிறார். சர்க்கரை நோய்க்காக அவரை மாதாமாதம் மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும். சிங்கப்பூரிலிருந்து 7,500 சிங்கப்பூர் வெள்ளியில் ஒரு வேலை வந்திருந்தது. ஒரு வாரத்தில் பதில் சொல்ல வேண்டுமாம்.

வந்து உட்கார்ந்ததும் கணவர் கைப்பேசியில் கணக்குப் போட்டுக் காட்டினார். அன்றைய மாற்று விலை 3.2 என்று பெருக்கினால் 24,000 ரிங்கிட். மனைவி அதைப் பார்க்கவேயில்லை.

போகலாமா வேண்டாமா என்ற பேச்சை முதல் சந்திப்பில் நான் எடுக்க விடவில்லை. எப்படி முடிவெடுக்கப் போகிறோம் என்பதை மட்டும் பேசி, ஒரு தாளில் எழுதவைத்தேன். இது வீண் சடங்காகத் தோன்றலாம். ஆனால் விதியைப் பேசாமல் விஷயத்தைப் பேசினால், யாருக்கு அவசரமோ அவர் பக்கம்தான் முடிவு சாயும். கெடு நெருங்க நெருங்க, யோசிக்க நேரம் கேட்பவர் தடையாக நிற்பவர் போலத் தெரிவார். அதனால் தாளில் முதலில் ஏறியது தேதி. நிறுவனத்துக்கு எழுதி இன்னும் இரண்டு வாரம் கேட்பது, அதுவரை யாரும் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை, உறவினரிடம் "போறோம்" என்று சொல்வதுமில்லை. அவர்கள் கேட்டார்கள், பத்து நாள் கிடைத்தது. குடும்பம் இருக்கிறது, யோசிக்க நாள் வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் கொடுக்கிறார்கள்.

அடுத்தது, யார் முடிவெடுப்பது. பாட்டியிடமும் பிள்ளைகளிடமும் கேட்பார்கள், காது கொடுத்துக் கேட்பார்கள். ஆனால் முடிவு இவர்கள் இருவருடையது. நம் குடும்பங்களில் இதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறோம். அப்புறம் பெரியம்மா பேச்சும் மச்சான் பேச்சும் வாக்குச்சீட்டு ஆகிவிடுகின்றன.

மூன்றாவதுதான் கடினமானது. பத்தாம் நாள் ஒத்துவராவிட்டால் என்ன? பெரும்பாலான வீடுகளில் இதற்கு விடையே இருப்பதில்லை. விடை இல்லையென்றால் இருக்கிற நிலைமையே தொடரும், அதாவது போக வேண்டாம் என்பவர் ஒன்றும் செய்யாமலேயே ஜெயித்துவிடுவார். அதுவும் நியாயம் இல்லை. அதனால் இருவருக்கும் மறுக்கும் உரிமை கொடுத்தோம், ஆனால் மறுப்பவர் கூடவே தன்னால் ஏற்க முடிந்த ஒரு வழியையும் சொல்ல வேண்டும். "முடியாது" என்பதோடு நிறுத்தக் கூடாது, "இப்படியென்றால் முடியும்" என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இரண்டாம் சந்திப்பில் இடம் மாற்றி உட்காரவைத்தேன். போவதற்கான காரணங்களைக் கணவரின் வாயிலிருந்து வருவது போல மனைவி சொல்ல வேண்டும். இருப்பதற்கான காரணங்களை மனைவியின் வாயிலிருந்து வருவது போலக் கணவர் சொல்ல வேண்டும். "ஆமாம், அதேதான்" என்று எதிரில் இருப்பவர் சொல்லும்வரை விடமாட்டேன்.

கணவர் சொன்னது: "அவளுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டு வர மனசில்ல."

மனைவி தலையசைத்தார். "அதில்லைங்க."

"பென்ஷன் போயிடும்னு பயம்."

"அதும் இருக்கு. ஆனா அதில்ல."

நான்காவது முறை அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போனது. அப்போது மனைவி தானே சொன்னார்: "பதினாறு வருஷமா நான் யார்கிட்டயும் கை நீட்டினதில்ல. அங்க போனா காய்கறி வாங்கக்கூட உங்ககிட்ட கேக்கணும்."

கணவர் ரொம்ப நேரம் தண்ணீர்க் குவளையின் மூடியைத் திருகித் திறந்து, திருகி மூடிக்கொண்டிருந்தார். அவருடைய காரணமும் சம்பளமாக இல்லை. அவரது அப்பாவுக்கு ஐம்பது வயதில் ஆட்குறைப்பில் வேலை போனது. தானும் ஒரே பதவியில் பதினொரு வருடமாக இருப்பதால், அடுத்தது தனக்குத்தான் என்று அவர் பயந்துகொண்டிருந்தார். இதை அவர் வீட்டில் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

போவதா இருப்பதா என்பதில் நடுவழி கிடையாது. பாதிச் சிங்கப்பூர் என்று ஒன்று இல்லை. கை நீட்டக் கூடாது, ஒரே இடத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற இரண்டு பயங்களுக்கு நடுவில்தான் வழி தேட முடியும்.

அதற்குமுன் தகவல் வேண்டும். அதை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக் கொடுத்தேன், ஆனால் தலைகீழாக. போக விரும்பியவர் தடைகளைத் தேட வேண்டும், தயங்கியவர் வாய்ப்புகளைத் தேட வேண்டும். நமக்குப் பிடித்த பதிலை நாமே தேடினால் அது உடனே கிடைத்துவிடும்.

கணவர் கொண்டுவந்ததுதான் பேச்சையே திருப்பியது. அங்கே மனைவி டியூஷன் எடுத்துச் சம்பாதிக்கலாம் என்று அவர் நினைத்திருந்தார். சிங்கப்பூரில் எம்ப்ளாய்மெண்ட் பாஸ் வைத்திருப்பவரின் மனைவிக்குக் கிடைப்பது டிபெண்டண்ட்ஸ் பாஸ். அதற்குக் கணவரின் நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும், அது சரிதான். ஆனால் 2021 மே மாதத்திலிருந்து, அந்தப் பாஸில் இருப்பவர் வேலை செய்ய வேண்டுமென்றால் பொதுவாகத் தனக்கென்று தனி வேலைப் பாஸ் எடுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் தற்காலிகத் திறன் விசாவில் துணைவர் தாராளமாக வேலை செய்யலாம் என்பதால், எல்லா நாட்டிலும் அப்படித்தான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பெற்றோரை நீண்டகாலப் பாஸில் கூட்டிப்போக 12,000 வெள்ளிச் சம்பளம் வேண்டும். பாட்டி பட்டர்வொர்த்தில்தான் இருக்க வேண்டியிருக்கும். இந்த வரம்புகளை மாற்றுவார்கள், அதனால் நீங்கள் முடிவெடுக்கும் வாரத்தில் சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் பக்கத்தை நீங்களே பாருங்கள்.

அப்புறம் கணக்கை மறுபடி போட்டோம். வீட்டு வாடகை, வரி, பிள்ளைகளுக்கு வெளிநாட்டு மாணவர் கட்டணம், சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் அவர்கள் விசாரித்த விலையில் 6,200 வெள்ளி ஆனது. மிச்சம் 1,300, அதாவது 4,160 ரிங்கிட். அதற்கு எதிராக மனைவியின் 5,400 ரிங்கிட் நின்றுவிடும். மலேசியர் வெறும் வேலைப் பாஸில் இருக்கும்வரை சிங்கப்பூரின் சேமநிதியான சி.பி.எஃப். கிடையாது. இங்கே ஊழியர் சேமநிதியான ஈ.பி.எஃப்.பில் முதலாளி போடும் 12 விழுக்காடு, கணவர் சம்பளத்துக்கு மாதம் 984 ரிங்கிட், அதுவும் நின்றுவிடும். 24,000 என்ற எண்ணைப் பிறகு யாரும் சொல்லவில்லை.

மறுக்கும் உரிமையை மனைவி பயன்படுத்தினார். விதிப்படி ஒரு வழியும் சொன்னார்: "நீங்க மட்டும் ஒரு வருஷம் போங்க. அறை எடுத்துத் தங்குங்க. நான் வேலைய விடல." பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான், மூன்று வாரத்துக்கு ஒருமுறை வரலாம்.

இது கேட்க நன்றாக இருந்தாலும் சுமை முழுவதும் மனைவி தலையில் விழும் ஏற்பாடு. பள்ளி, பிள்ளைகள், மாமியாரின் மருத்துவமனை, எல்லாம். விட்டுக்கொடுப்பவருக்கு என்ன திரும்பக் கிடைக்கிறது என்று எழுதாத சமரசம் ஆறு மாதத்தில் புளித்துவிடும். அதனால் எழுதினோம். வாரம் மூன்று மதியம் உதவிக்கு ஆள், அந்தச் சம்பளம் கணவர் பொறுப்பு. மாதம் 600 வெள்ளி மனைவி பெயரில் தனிக் கணக்கில், அதற்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. பன்னிரண்டாம் மாதம் மறுபரிசீலனை. அன்று இருவரில் ஒருவர் தொடர வேண்டாம் என்றாலும், காரணம் கேட்காமல், மூன்று மாதத்துக்குள் திரும்புவது. நாள் குறிக்காத "கொஞ்ச நாள் பாக்கலாம்" எத்தனை வருடமாக நீளும் என்று உங்களுக்கே தெரியும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒருவரைக் கண்டு மற்றவர் பயப்படும் வீட்டில் இந்த முறை உதவாது, ஆபத்தாகவும் முடியும். அங்கே தாளில் இருக்கும் சம்மதம் பயத்தின் சம்மதம். அதனால் யாராக இருந்தாலும் முதலில் தனித்தனியாக ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சேர்த்து உட்காரவைக்கிறேன். தனிமையில் "அவர் இருக்கும்போது இதைச் சொல்ல முடியாது" என்று ஒருவர் சொன்னால், வெளிநாட்டுப் பேச்சை ஓரம் வைத்துவிட்டு அதைத்தான் பேசுவோம்.

அவர் போனார். ஐந்தாம் மாதம் தொடர்ந்து இரண்டு முறை ஊருக்கு வரவில்லை, வேலை அதிகம் என்றார். மனைவி சண்டை போடவில்லை, தாளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார், மூன்று வாரம் என்ற வரியின் கீழ் பேனாவால் கோடு போட்டு. அந்த வெள்ளிக்கிழமை அவர் வந்து சேர்ந்தார்.

பன்னிரண்டாம் மாதம் இருவரும் என் அறைக்கு வந்தார்கள். இன்னும் ஆறு மாதம் என்று முடிவானது, ஆனால் புதுத் தாளில். அம்மாவின் மருத்துவமனை நாட்களில் ஒன்றுவிட்டு ஒன்று கணவரின் விடுப்பில் வரும். இந்த முறை எழுதியது மனைவி. எழுதிக்கொண்டே கேட்டார்: "அங்க உங்க அறையில சமைக்க விடுவாங்களா? டிசம்பர் லீவுல பிள்ளைங்கள கூட்டிட்டு வரலாம்னு பாக்குறேன்."