தாகம் முதலில் வந்ததா, சிறுநீரா?

போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "என் அக்கா ஒரு நாளைக்கு ஆறு லிட்டருக்கு மேல் சிறுநீர் கழிக்கிறார். சர்க்கரை இல்லை. கால்சியம், பொட்டாசியம் எல்லாம் சரி. டாக்டர் ஒரு பகல் முழுக்கத் தண்ணீர் கொடுக்காமல் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறார். ஏற்கெனவே தாகத்தில் தவிக்கிறவருக்கு இது தண்டனை இல்லையா?"

தண்டனை போலத்தான் இருக்கும். ஆனாலும் வேறு வழி இல்லாமல்தான் செய்கிறார்கள். நிறையக் குடித்தால் நிறையப் போகும், நிறையப் போனால் நிறையக் குடிக்கத் தோன்றும். வட்டம் எங்கே தொடங்கியது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. தண்ணீரை நிறுத்தினால் வட்டம் அறுந்துவிடும். வெறும் பழக்கத்தால் குடிப்பவருடைய சிறுநீர் அப்போது கெட்டியாகியாக வேண்டும். 'டயாபடிஸ் இன்சிபிடஸ்' உள்ளவருக்கு அது தண்ணீராகவே போய்க்கொண்டிருக்கும்.

இன்சிபிடஸ் என்றால் சப்பென்றது. மருத்துவர்கள் சிறுநீரை நாக்கில் வைத்துப் பார்த்த காலத்துப் பெயர். இனித்தால் மெலிடஸ், இனிக்காவிட்டால் இன்சிபிடஸ். நாம் சர்க்கரை நோயை 'நீரிழிவு' என்கிறோம். சொல்லை மட்டும் பார்த்தால், நீர் வீணாய் இழிந்து போகிற இந்த நோய்க்குத்தான் அந்தப் பெயர் பொருத்தம் என்று எனக்குத் தோன்றும்.

சிறுநீரகம் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, பெரும்பகுதியை வழியிலேயே திரும்ப எடுத்துக்கொள்கிறது. பள்ளியில் படித்ததுதான். கடைசிக் கட்டம்தான் எனக்குப் பிடித்த இடம். சிறுநீரகத்தின் உட்பகுதி உப்பும் யூரியாவும் ஊறிய ஒரு பகுதி. ஆழம் போகப் போக உப்பு ஏறும். கரைந்த துகள்களின் அளவை ஆஸ்மொலாலிட்டி என்பார்கள். ஒரு கிலோ நீரில் எத்தனை துகள் கரைந்திருக்கிறது என்கிற எண்ணிக்கை அது. ரத்தத்தில் இது சுமார் 285 மில்லிஆஸ்மோல். சிறுநீரகத்தின் அடி ஆழத்தில் 1200 வரை போகும். சிறுநீரைச் சேர்க்கும் குழாய்கள் இந்த உப்புக்கு நடுவே கீழே இறங்குகின்றன. மாங்காய்த் துண்டில் உப்பைத் தூவினால் நீர் விட்டுக்கொள்கிறதே, அதே இழுவை இங்கேயும் குழாய்க்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கப் பார்க்கிறது.

ஆனால் குழாயின் சுவர் நீரைச் சும்மா விடாது. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வாசோப்ரெஸ்ஸின் என்ற ஹார்மோன் வந்து சொன்னால்தான், அக்வாபோரின் என்னும் நீர்த்துளைகள் சுவரில் வந்து பொருந்தும். ஆக, சிறுநீர் கெட்டியாக மூன்று வேண்டும்: ஹார்மோன் வர வேண்டும், சுவர் அதைக் கேட்க வேண்டும், வெளியே உப்பு இருக்க வேண்டும். முதலாவது இல்லையென்றால் மூளை சார்ந்த இன்சிபிடஸ். இரண்டாவது பழுதானால் சிறுநீரகம் சார்ந்தது. லித்தியம் மாத்திரை பல வருடம் சாப்பிட்டவர்களிடம் இதைப் பார்க்கலாம். மூன்றாவதை அப்புறம் சொல்கிறேன், குழப்பமே அங்கேதான்.

ஒரு கற்பனை நோயாளியை வைத்துக்கொள்வோம். எடை 60 கிலோ. காலை எட்டு மணிக்குத் தண்ணீர் நிறுத்தப்படுகிறது. மணிக்கொரு முறை எடை, சிறுநீரின் அளவு, ஆஸ்மொலாலிட்டி. இரண்டு மணிக்கொரு முறை ரத்தத்தில் சோடியம், ஆஸ்மொலாலிட்டி. எடையில் 3 சதவீதம், அதாவது 1.8 கிலோ குறைந்தால் பரிசோதனையை நிறுத்திவிட வேண்டும். சோடியம் எல்லை தாண்டினாலும் அப்படியே. உண்மையான இன்சிபிடஸ் இருந்தால் அதற்கு மேல் இழுப்பது ஆபத்து. வீட்டில் தனியாகச் செய்து பார்க்கிற விஷயமே இல்லை இது.

காலையில் இவருடைய சிறுநீரின் ஆஸ்மொலாலிட்டி 110. மாலை நாலு மணிக்கு ரத்தம் 296-க்கு ஏறிவிட்டது, சிறுநீர் 470-ல் நின்றுவிட்டது. இப்போது டெஸ்மோபிரெஸ்ஸின் ஊசி, 2 மைக்ரோகிராம். வாசோப்ரெஸ்ஸினின் செயற்கை வடிவம் அது. சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் 495. வெறும் 5 சதவீத ஏற்றம். உடம்பு தன் சொந்த ஹார்மோனை ஏற்கெனவே முழுசாகச் சுரந்துவிட்டது, வெளியிலிருந்து கொடுத்ததற்குச் செய்ய வேலை இல்லை. ஆக, இவர் அதிகம் குடிப்பவர். இதே இடத்தில் ஊசிக்கு முன் 130, பின் 520 என்றிருந்தால் ஹார்மோன்தான் குறை. 130-லிருந்து 145 என்றால் சுவர்தான் கேட்கவில்லை.

சரி, ஆரோக்கியமான சிறுநீரகம் 800-ஐத் தாண்டுமே, இவர் ஏன் 470-லேயே நின்றார்? மூன்றாவது விஷயம் இதுதான். மாதக்கணக்கில் நீர் வெள்ளமாய் ஓடினால், ஊறியிருந்த உப்பையும் யூரியாவையும் அது கழுவிக்கொண்டு போய்விடும். ஹார்மோனும் சரி, சுவரும் சரி, இழுக்கத்தான் உப்பு போதவில்லை. ஹார்மோன் பாதி மட்டும் சுரப்பவருடைய எண்களும் ஏறக்குறைய இதே மாதிரிதான் வரும். அவருக்கு ஊசிக்குப் பின் 9 சதவீதத்துக்கு மேல் ஏறும், குடிப்பவருக்கு அதற்குக் கீழ் என்று பாடப்புத்தகம் கோடு போட்டிருக்கிறது. 8-க்கும் 10-க்கும் நடுவில் ஒரு நோயைப் பிரிப்பது எவ்வளவு நம்பகம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். 2018-ல் வந்த ஒரு பன்னாட்டு ஆய்வில் இந்தப் பரிசோதனை சரியாகச் சொன்னது சுமார் 77 சதவீதம் பேருக்குத்தான்.

அதே ஆய்வு மாற்று வழியும் காட்டியது. வாசோப்ரெஸ்ஸின் சுரக்கும்போது கூடவே பிரிந்து வரும் துண்டு கோபெப்டின். வாசோப்ரெஸ்ஸினைப் போல அது ரத்தம் எடுத்து வைத்த குழாயிலேயே சிதைந்துவிடாது. உப்பு நீரை நரம்பில் ஏற்றி, சோடியத்தை 150 வரை கொண்டுபோய், கோபெப்டினை அளந்தார்கள். சுமார் 97 சதவீதம் சரியாக வந்தது. சிறுநீரகத்தின் உப்பைப் பற்றிக் கவலைப்படாமல், நேராக ஹார்மோனையே கேட்கிற வழி. நம் ஊரில் இந்தப் பரிசோதனை எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. ஆகவே தண்ணீர் நிறுத்தும் முறை இன்னும் கொஞ்ச காலம் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொரு சிக்கல் மனிதச் சிக்கல். தாகம் தாங்காமல் கழிவறைக் குழாயில் குடித்துவிடுவார்கள். திட்டுவதில் பயனில்லை, கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். ஒரு லிட்டர் சிறுநீர் போனால் எடை ஒரு கிலோ குறைய வேண்டும், வியர்வைக்கும் மூச்சுக்கும் இன்னும் கொஞ்சம். 1.5 லிட்டர் போய், எடை 300 கிராம்தான் குறைந்தது என்றால், மீதி எங்கிருந்தோ உள்ளே வந்திருக்கிறது. ஊசி போட்ட பிறகு நோயாளியைத் தாராளமாகக் குடிக்க விடுவதும் கூடாது. மருந்து நீரைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும்போது லிட்டர் கணக்கில் குடித்தால் சோடியம் சரிந்து வலிப்பு வரைக்கும் போகலாம்.

காலை வெறும் வயிற்றில் ஒன்றரை லிட்டர் குடித்தால் எல்லா நோயும் போகும் என்ற வாட்ஸ்அப் செய்தியை நம்பி ஆரம்பித்தவர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் இப்போது நாலு லிட்டரில் நிற்கிறார், குறைக்க முடியவில்லை. வாசகரின் அக்காவும் அப்படி என்று நான் சொல்லவில்லை, பரிசோதனைதான் சொல்ல வேண்டும். ஒருவேளை பழக்கம்தான் என்று வந்தால், குடிப்பதை ஒரே நாளில் வெட்டாமல் வாரத்துக்குக் கொஞ்சமாய்க் குறைக்கச் சொல்வார்கள். முதல் சில நாட்கள் நாக்கு வறண்டு, தாகம் உயிரை எடுக்கும். சிறுநீரகத்தின் ஆழத்தில் உப்பு திரும்ப ஊறிச் சேர்கிறவரை அப்படித்தான் இருக்கும்.