குறுக்குவில்: பெயர் வந்த வழியும் நாண் இழுத்த விதமும்

கட்டையின் முனையில் வில்லைக் குறுக்காகப் பொருத்தியிருப்பதால் ஆங்கிலத்தில் கிராஸ்போ, தமிழில் குறுக்குவில். பிரெஞ்சில் அர்பலேத் என்பார்கள், லத்தீனில் வில்லையும் கல்லெறி பொறியையும் குறிக்கும் இரண்டு சொற்கள் சேர்ந்து பிறந்தது அது. சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டை மதிலில் வரும் 'வளைவிற்பொறி'யை இதற்கு வைக்கலாமே என்று தோன்றும், ஆனால் அது மதிலில் நிறுத்திய எந்திரம், இதுவோ ஒரு ஆள் தூக்கிப்போவது. அதனால் குறுக்குவில்லே சரி.

குழப்பம் வருவது அடுத்த சொல்லில்தான். ஆங்கிலத்தில் 'ஸ்பானிங்' என்பதை 'நாணேற்றுதல்' என்று எழுதிவிடுகிறார்கள். நாணேற்றுவது என்றால் வில்லின் இரு முனையிலும் கயிற்றைக் கட்டுவது. ஸ்பானிங் அதற்குப் பிறகு நடப்பது: கட்டிய நாணைப் பின்னால் இழுத்துக் கட்டையில் மாட்டி நிறுத்துவது. 'நாண் பின்னிழுத்து மாட்டுதல்' என்று நீளமாக எழுதினாலும் பரவாயில்லை.

இடைக்கால ஐரோப்பாவில் பரவலாக இருந்தது இடுப்புக் கொக்கி முறை. வில்லின் முன்பக்கம் குதிரை அங்கவடி மாதிரி ஒரு இரும்பு வளையம் இருக்கும், அதில் காலை நுழைத்து, குனிந்து, இடுப்புவாரில் தொங்கும் கொக்கியை நாணின் நடுவில் மாட்டி, அப்படியே நிமிர்ந்து எழ வேண்டும். கை இழுப்பதில்லை, தொடையும் முதுகும் இழுக்கின்றன. நாண் மேலே வந்ததும் மான் கொம்பில் கடைந்த ஒரு சின்ன உருளையின் வெட்டில் விழுந்து நின்றுவிடும், கீழே உள்ள விசைக்கோல் அந்த உருளையைச் சுழலவிடாமல் பிடித்துக்கொள்ளும். கொக்கி நடுவிலிருந்து விலகி நாண் ஒரு பக்கம் கூடுதலாக வந்துவிட்டால் அம்பு பக்கவாட்டில் விலகிப் போகும். 15ஆம் நூற்றாண்டின் எஃகு வில்களுக்கு இந்த உடல் பலம் போதாது, கப்பி வைத்த கைச்சுழலியோ பல்சக்கரமோ வேண்டும், அதற்கு நேரமும் பிடிக்கும்.

கையால் இழுக்கும் வில்லைவிடக் குறுக்குவில்லுக்குப் பயிற்சி குறைவாகப் போதும், அது ஏன் என்பதற்கு விடை அந்த உருளைதான். இங்கிலாந்தின் நெடுவில்லில், 1545-இல் மூழ்கிய மேரி ரோஸ் கப்பலில் கிடைத்தவற்றை வைத்துப் பார்த்தால், ஏறக்குறைய 45 முதல் 80 கிலோ இழுவிசை. அதை இழுத்துப் பிடித்தபடியே குறியும் பார்க்க வேண்டும். சிறு வயதிலிருந்து பழகாத உடம்புக்கு அது வராது, 1363-இல் மூன்றாம் எட்வர்ட் விடுமுறை நாட்களில் வில் பழகச் சொல்லி ஆணையிட்டதும் அதனால்தான். குறுக்குவில்லில் இழுப்பது ஒரு வேலை, குறிபார்ப்பது தனி வேலை, நடுவில் பாரத்தைச் சுமப்பது உருளை. சில வாரம் பழகியவன்கூட நிதானமாகக் குறிபார்த்து விசையை அழுத்தலாம்.

ஆனால் குறுக்குவில்லின் இழுவிசை அதிகம் என்பதை மட்டும் பார்த்து இது நெடுவில்லைவிடப் பல மடங்கு பலமானது என்று நினைக்கக் கூடாது. இதில் நாண் அம்பைத் தள்ளும் தூரம் பெரும்பாலும் 15 சென்டிமீட்டரை ஒட்டித்தான், நெடுவில்லில் 50-ஐத் தாண்டும். அதனால்தான் குறுக்குவில்லுக்கு அத்தனை கனமான இழுவிசை தேவைப்பட்டது, அதை இழுக்க இத்தனை கருவிகளும்.