ஒரு டியூ பவுன்ஸ் ஆனால் கணக்கு எப்படி நகரும்?

‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ என்று செயலிகள் தரும் கடனில் பலரும் தாமதக் கட்டணத்தை ஒருமுறை கட்டித் தீர்த்துவிடும் அபராதமாகவே நினைக்கிறார்கள். உண்மையில் அந்தக் கட்டணம் அடுத்த மாதத் தவணைக்குள் புகுந்து, அதற்காக நீங்கள் கட்டும் பணத்தையும் போதாமல் ஆக்கிவிடக்கூடும். இந்தியாவில் இது எப்படி நடக்கிறது என்பதை ஒரு கணக்கு போட்டே பார்த்துவிடலாம்.

18,000 ரூபாய்க்கு ஒரு செல்போன், வட்டியில்லாமல் மாதம் 3,000 ரூபாய் வீதம் 6 தவணை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி வங்கிக் கணக்கிலிருந்து பணம் தானாகப் பிடிக்கப்படும். முதல் மாதம் அன்றைக்குக் கணக்கில் இருந்தது 2,800 ரூபாய்தான். ஆட்டோ டெபிட்டில் இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளும் வழக்கம் கிடையாது. முழுத் தொகை இல்லாவிட்டால் மொத்தமும் திரும்பிவிடும். 200 ரூபாய் குறைந்ததால் 3,000 ரூபாயும் பவுன்ஸ்.

இங்கே இரண்டு கட்டணங்கள் தனித்தனியாகக் கிளம்புகின்றன. ஒன்று, உங்கள் வங்கி போடுவது. வங்கிக்கு வங்கி இது மாறும். நம் கணக்குக்கு வரியோடு 590 ரூபாய் என்று கொள்வோம். இன்னொன்று, கடன் கொடுத்த நிறுவனம் போடும் அபராதக் கட்டணம். அதை 400 ரூபாய் என்று வைப்போம். நிறுவனம் மூன்று நாள் கழித்து மறுபடியும் டெபிட் அனுப்பினால் நிலைமை இன்னும் மோசமாகும். வங்கி 590 எடுத்ததால் கணக்கில் இருப்பது இப்போது 2,210. அதுவும் பவுன்ஸ் ஆகி, இன்னொரு 590 போய்விடும்.

12-ஆம் தேதி நீங்கள் செயலியில் 3,000 ரூபாய் கட்டுகிறீர்கள். தவணை முடிந்தது என்று தோன்றும். ஆனால் பல ஒப்பந்தங்களில் வரும் பணம் முதலில் கட்டணத்துக்கும், பிறகு பழைய பாக்கிக்கும், கடைசியாகத்தான் புதிய தவணைக்கும் வரவு வைக்கப்படும். அதனால் 400 ரூபாய் அபராதத்துக்குப் போய், தவணையில் 2,600 மட்டுமே சேரும். 400 பாக்கி.

இரண்டாம் மாதம் சரியாக 5-ஆம் தேதியே 3,000 கட்டினாலும் அதில் 400 பழைய பாக்கிக்குப் போய்விடும். புதிய தவணையில் 400 குறையும். எவ்வளவு சிறிய தொகை குறைந்தாலும் அதே 400 ரூபாய் அபராதம் என்ற விதியிருந்தால் இன்னொரு 400 விழும். மூன்றாம் மாதம் அபராதத்துக்கு 400, பழைய பாக்கிக்கு 400 போக 2,200தான் சேரும். குறை இப்போது 800. நான்காம் மாதம் அது 1,200, ஐந்தில் 1,600, ஆறில் 2,000. மாதம் தவறாமல் ஆறு முறை 3,000 கட்டிய பிறகும் கடைசி அபராதத்தையும் சேர்த்து 2,400 ரூபாய் பாக்கி நிற்கும். இது ஒரே ஒரு தவணை பவுன்ஸ் ஆனதால் வந்த ஆறு அபராதம். வங்கி எடுத்த 1,180 ரூபாய் இதில் சேரவில்லை.

அபராதம் நிலையான தொகையா, பாக்கியில் இத்தனை சதவீதமா என்பதுதான் இங்கே முக்கியம். மாதம் 3 சதவீதம் என்றிருந்தால் 400 ரூபாய் பாக்கிக்கு 12 ரூபாய்தான் விழும். கடன் எடுக்கும் முன்பு வட்டி விகிதத்தைவிட இதைத்தான் தேடிப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. கடனுக்கு முன்பே தரவேண்டிய முக்கிய விவரத் தாளில் இது இருக்கும். அந்தத் தாளில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வாங்கக்கூடாது என்கிறது ரிசர்வ் வங்கி.

2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இன்னொன்றும் சொன்னது: தவறியதற்கான தண்டத்தை வட்டியாகப் போடக்கூடாது, கட்டணமாகத்தான் போடலாம்; அந்தக் கட்டணத்தின் மேல் வட்டி ஏற்றக்கூடாது. ஆனால் மேலே பார்த்த சங்கிலியில் வட்டிக்கு வட்டி எங்கும் இல்லை. பணம் வரவு வைக்கப்படும் வரிசைதான் அதை வளர்க்கிறது. அதனால் அந்த விதி மட்டும் இதை நிறுத்தாது.

நிறுத்த வேண்டிய இடம் அந்த 12-ஆம் தேதி. செயலியில் ‘தவணைத் தொகை’ என்பதைப் பார்க்காமல் ‘மொத்த நிலுவை’ என்று காட்டுவதைக் கட்டுங்கள். நம் கணக்கில் அது 3,400. அதைக் கட்டினால் அடுத்த மாதம் சுத்தமாகத் தொடங்கும். பணத்தை டெபிட் ஆகும் வங்கிக் கணக்கில் போட்டுக் காத்திருக்காதீர்கள். பிடிக்க முடியாமல் நின்ற வங்கிக் கட்டணம் ஏதாவது இருந்தால் அது முந்திக்கொள்ளும். வேறு கணக்கிலிருந்து நேராக நிறுவனத்துக்கே கட்டுவது நல்லது. ஆனால் மறு டெபிட் ஏற்கெனவே அனுப்பப்பட்டிருந்தால் ஒரே தவணை இரண்டு முறை போகலாம் என்பதால், கட்டும் முன்பு அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டிய சில நாட்களில் கடன் கணக்கு அறிக்கையை இறக்கிப் பார்த்தால் உங்கள் பணம் எந்தத் தலைப்பில் எவ்வளவு போனது என்பது தெரியும். முழுத் தவணை கட்டியும் ‘நிலுவை’ வரியில் சிறு தொகை நின்றால் சங்கிலி தொடங்கிவிட்டது. உடனே அந்தத் தொகையைக் கட்டிவிட்டு, பிறகு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் நிறுவனம் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் cms.rbi.org.in தளத்தில் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம்.